சப்ளையரிடம் 60 நாள் தவணை: எப்படிக் கேட்பது?

கேள்வி: அட்டைப்பெட்டி செய்து விற்கிறேன். அட்டையை ஒரே சப்ளையரிடம்தான் எட்டு வருடமாக வாங்குகிறேன். வாரம் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு லோடு, ஒவ்வொரு பில்லுக்கும் 30 நாள் தவணை. வந்த அட்டை பெட்டியாகி வெளியே போக 20 நாள் ஆகிறது. வாடிக்கையாளர்கள் அதன் பிறகு 45 நாளில்தான் பணம் தருகிறார்கள். 12 சதவீத வட்டியில் இருக்கும் ஓவர்டிராஃப்ட் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. 60 நாள் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அவர் மனசு கோணாமல் எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் லெட்ஜரை எடுத்து, கடைசி ஆறு மாத பில்களுக்கு நிஜமாகவே எத்தனையாவது நாளில் பணம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். 30 என்று பேசிவிட்டு சராசரியாக 38-வது நாளில் கொடுத்து வந்திருந்தால், நீங்கள் 60 கேட்கும்போது அவர் காதில் 70 என்றுதான் விழும். அப்படி இருந்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் 30-வது நாளிலேயே பணத்தை அனுப்பிவிட்டு, அப்புறம் பேச்சை எடுங்கள்.

உங்கள் தேவை நியாயமானதுதான். பணம் திரும்பி வர 65 நாள் ஆகிறது, நீங்கள் 30-வது நாளில் கொடுக்கிறீர்கள். நடுவே 35 நாள் உங்கள் கைக்காசில் ஓடுகிறது. 60 நாள் கிடைத்தால் அது 5 நாளாகச் சுருங்கும். ஆனால் அந்த 30 நாள் காற்றில் கரைந்துவிடாது, சப்ளையர் தலையில் போய் உட்காரும். இப்போது அவருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி எப்போதும் சுமார் 6 லட்சம். இனி அது 12 லட்சம். அதாவது அவரிடம் 6 லட்சம் கடன் கேட்கிறீர்கள். பேசப் போகும்போது மனதில் இதை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடனுக்கு அவருக்கு என்ன செலவு? அவர் 18 சதவீத வட்டிக்குப் பணம் புரட்டுபவர் என்று வைப்போம். 6 லட்சத்துக்கு மாதம் 9,000, அதாவது உங்கள் பில் தொகையில் ஒன்றரை சதவீதம். அட்டை வியாபாரத்தில் அவருக்கு நூற்றுக்கு ஆறு நிற்கிறது என்றால், உங்களிடம் கிடைக்கும் லாபத்தில் கால்வாசி போய்விடும். வருத்தம் இங்கேதான் பிறக்கிறது. பழகிய முகத்துக்காக அவர் சரி என்று சொல்லிவிடலாம். அடுத்த விலை மாற்றத்தில் அந்த ஒன்றரை சதவீதத்தைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடுவார், அல்லது சரக்குத் தட்டுப்பாடு வரும்போது உங்கள் லோடு கடைசியாகக் கிளம்பும்.

அதனால் அந்த 9,000-ஐ மேசைமேல் வைத்தே பேசுங்கள். பாதியை, 4,500-ஐ, நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்: 60 நாள் பில்களுக்கு விலையில் முக்கால் சதவீதம் கூடுதல். உங்களுக்கு இது வருடத்துக்கு 9 சதவீத வட்டியில் 6 லட்சம் கிடைத்த மாதிரி, ஓவர்டிராஃப்டை விட மலிவு. மீதிப் பாதிக்கு ஈடாக அவருக்கு வேறொன்று கொடுக்கலாம்: எந்தக் கனத்தில் எத்தனை டன் வேண்டும் என்று அடுத்த மூன்று மாதத்துக்கு உறுதியான ஆர்டர். உங்களுக்கு அதில் செலவில்லை. அவரோ ஆலையில் மொத்தமாகச் சொல்லி வைத்து வாங்கலாம், கிடங்கில் தேங்குகிற சரக்கும் குறையும். வெறுமனே ‘இனிமேல் ஆர்டரைக் கூட்டுகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆர்டர் கூடினால் அவர் பணம் இன்னும் அதிகமாக உங்களிடம் மாட்டும். அவருக்கு அது சலுகையே இல்லை.

அடுத்தது, மாறுகிற விதம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு தேதியிலிருந்து சட்டென்று 60-க்குத் தாவினால், கடைசி 30 நாள் பில்லுக்குப் பணம் போன பிறகு அடுத்த பணம் 37 நாள் கழித்துத்தான் அவருக்குப் போகும். நடுவில் நான்கு வாரத் தவணைகள் விழாது, ஆனால் லோடு மட்டும் வாராவாரம் வந்துகொண்டே இருக்கும். அவர் ஆலைக்குக் கொடுக்க வேண்டிய தேதியோ நகராது. எனவே படியாக ஏறுங்கள்: 37, 45, 52, 60. இரண்டு மாதத்துக்கு ஒரு படி என்றால், முதல் படியிலிருந்து ஆறு மாதத்தில் 60-ஐத் தொட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு படியிலும் அவருக்கு ஒரே ஒரு வாரத் தவணைதான் தள்ளிப்போகும். அந்த வாரம் எது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்ட பில்கள் பழைய 30 நாளிலேயே தீர வேண்டும். அவற்றில் கை வைத்தால் மற்ற எந்தச் சலுகையும் எடுபடாது.

பேச்சை நேரில், முதலாளியிடமே தொடங்குங்கள். கணக்காளர் மூலம் மின்னஞ்சல் போனால் அது அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். ஒரு பில் தாமதமாகி நிற்கும் வாரத்தில் மட்டும் பேசாதீர்கள். நெருக்கடியில் இருக்கிறீர்கள் என்று நினைப்பார். ‘என் பணம் 65 நாளில் திரும்புகிறது, உங்களுக்கு 30-ல் தருகிறேன். இதைப் படிப்படியாக 60 ஆக்க முடியுமா? வட்டிச் சுமையில் பாதி என்னுடையது’ என்று கணக்கோடு சொன்னால் போதும். சொல்லிவிட்டு, எந்த நாள் வரை அவருக்குச் சிரமமில்லை என்று கேளுங்கள். 45 என்பார் என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இடைவெளி 20 நாளாகிவிடும், அதுவே பெரிய நிம்மதிதான். அவருடைய மொத்த விற்பனையில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் யோசியுங்கள். இருபதில் ஒரு பங்கு என்றால் தாங்குவார். பாதி விற்பனையே நீங்கள்தான் என்றால் 60 நாள் அவரையே சாய்த்துவிடலாம். அந்த நிலையில் 45-ஐத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் சிறு நிறுவனங்களுக்கான தவணைக்கு உச்சவரம்பு உண்டு. இந்தியாவின் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. இருவரும் 60-க்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், தாமதமான நாள்களுக்குக் கூட்டு வட்டி சேரும். அப்படிப்பட்டவரிடம் 60 பேச்சையே எடுக்காதீர்கள்.

ஒப்புக்கொண்டதை அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்தா, சரக்கு இறங்கிய தேதியிலிருந்தா என்பது அதில் இருக்க வேண்டும்; பெரும்பாலான மனத்தாங்கல் இந்த நாலைந்து நாள் வித்தியாசத்தில்தான் வருகிறது. லோடில் ஒரு பகுதி மோசமாக இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் பணம் நிற்கும், மீதி அந்தந்தத் தேதியில் போய்விடும் என்றும் எழுதுங்கள். 52-வது நாள் படிக்கு ஏறுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுவதாக ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் லோடு பிந்தத் தொடங்கினாலோ, தவணை நாளுக்கு முன்பே அவர் கணக்காளர் போன் செய்து நினைவூட்ட ஆரம்பித்தாலோ, அடுத்த படிக்குப் போகாமல் 45-லேயே நின்றுகொள்ளுங்கள்.