சொந்தக் கட்டுரைக்கு 94 விழுக்காடு ஒற்றுமை வருவது எப்படி?

கேள்வி: நான் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடுமையாக உழைத்துப் படிக்கும் மாணவி ஒருத்தி தானே எழுதிய கட்டுரையை, தேர்வு முடிவு வருவதற்கு முன் பிறர் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் '94 விழுக்காடு ஒற்றுமை' என்று காட்டிவிடுகிறது. வேறு எங்கிருந்தும் எடுக்காத ஒருத்திக்கு இவ்வளவு பெரிய எண் வர முடியுமா? பேராசிரியர் அவளை நேரில் கேள்வி கேட்டு உண்மையை உணர்வதாகக் கதையை முடித்தால் நம்பும்படி இருக்குமா?

பதில்: வர முடியும். ஆனால் தற்செயலாக வராது. பலரும் எழுதும் பொதுவான தொடர்கள், மேற்கோள்கள், நூற்பட்டியல் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நேர்மையான கட்டுரை இந்த அளவை எட்டுவதில்லை. 94 என்று எழுதினால், ஏறத்தாழ அதே கட்டுரை, மென்பொருள் ஒப்பிடுவதற்காகச் சேமித்துவைத்திருக்கும் கட்டுரைகளின் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதுதான் உங்கள் கதையின் முடிச்சு. விசாரணைக் குழுக்களில் அமர்ந்து இத்தகைய அறிக்கைகளைப் படித்துவரும் எனக்கு, உங்கள் கதைக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: 'முன்கூட்டியே சரிபார்த்துத் தருகிறோம்' என்று பணம் வாங்கும் இடைத்தரகர்.

கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிட்டின் மென்பொருளை மாணவர் தாமாக வாங்கிப் பயன்படுத்த வழியில்லை. கல்வி நிறுவனங்களின் கணக்கு வழியாகத்தான் அது கிடைக்கும். தரகர் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கை எப்படியோ பெற்று, அதில் உங்கள் மாணவியின் கட்டுரையை ஏற்றி, குறைவான எண் கொண்ட அறிக்கையை அவளுக்கு அனுப்புகிறார். ஏற்றும்போது 'களஞ்சியத்தில் சேமிக்க வேண்டாம்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அந்தக் கட்டுரை அங்கேயே தங்கிவிடும். சில நாட்கள் கழித்து அவள் தன் கல்லூரியில் அதையே முறைப்படி சமர்ப்பிக்கும்போது, மென்பொருள் அதைப் பழைய படியோடு ஒப்பிட்டு, 'வேறொரு நிறுவனத்தில் சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் கட்டுரை' என்று ஒரே மூலத்தைக் காட்டும். மென்பொருள் பார்ப்பது சொற்களை மட்டுமே. எழுதியவர் யார் என்பது அதற்குத் தெரியாது. பணம் வாங்கிக்கொண்டு அவளுடைய உழைப்பையே அவளுக்கு எதிரான சான்றாக மாற்றிய அந்தத் தரகரோ, அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார். ஆகவே வெளியாரிடம் கட்டுரையைக் கொடுக்கவே வேண்டாம் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்; முன்னோட்ட அறிக்கை வேண்டுமென்றால் சொந்தக் கல்லூரியின் ஆசிரியரையோ நூலகத்தையோ கேட்க வேண்டும்.

இதை எண்களோடு பொருத்திப் பார்ப்போம். கட்டுரை 3,000 சொற்கள் என்று கொள்ளுங்கள். அவள் ஏப்ரல் 12 அன்று எழுதத் தொடங்கி, மே 3 அன்று தரகரிடம் கொடுத்தாள். பிறகு முடிவுரை பிடிக்காமல் அந்தப் பத்தியை மட்டும் புதிதாக எழுதி, மே 10 அன்று சமர்ப்பித்தாள். 94 விழுக்காடு என்பது 2,820 சொற்கள். மீதி 180 சொற்கள்தான் அவள் திருத்தி எழுதிய முடிவுரை. அறிக்கையைத் திறந்தால் முதல் பக்கம் முதல் ஒரே நிறம், ஒரே மூல எண். கடைசிப் பத்தி மட்டும் வெறுமையாக இருக்கும். பல இடங்களிலிருந்து எடுத்து ஒட்டிய கட்டுரையில் மூலங்கள் துண்டு துண்டாகச் சிதறி, நிறங்கள் மாறி மாறி வரும். இந்த வேறுபாடு அறிக்கையைப் புரட்டிய எவருக்கும் தெரியும். ஆனால் பல இடங்களில் புரட்டுவதே இல்லை. 75 விழுக்காட்டுக்கு மேல் போனால் சிவப்பு என்பதைப் பார்த்தவுடன் முடிவை நிறுத்திவைத்து, அறிக்கையை இணைக்காமலேயே 'விளக்கம் தருக' என்று மாணவருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறார்கள். அந்த எண் ஒற்றுமையின் அளவே அன்றித் திருட்டுக்குத் தீர்ப்பு அல்ல என்று மென்பொருளை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அதைக் கேட்கும் பொறுமை அலுவலகங்களுக்கு இல்லாதது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது. உங்கள் மாணவி முதலில் எழுத வேண்டிய கடிதம் தன் நேர்மையைப் பற்றியது அல்ல. முழு அறிக்கையின் நகலைக் கேட்கும் மூன்று வரிக் கடிதம்.

அடுத்து, நேரில் கேள்வி கேட்டு முடிப்பது. அது மட்டும் போதாது. பிறர் கட்டுரையை மனப்பாடம் செய்தவரும் நன்றாகப் பதில் சொல்லக்கூடும். தானே எழுதியவள் ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகவும் கூடும். குழுவை அசைப்பது கோப்பின் வரலாறு. இணையத்தில் சேமித்தபடி எழுதும் செயலிகளில், எந்த நாளில் எந்த வரி சேர்ந்தது என்பதைப் 'பதிப்பு வரலாறு' காட்டும். ஏப்ரல் 12 முதல் கட்டுரை பத்தி பத்தியாக வளர்ந்ததும், அந்த 180 சொற்கள் மே 3-க்குப் பிறகு எழுதப்பட்டதும் அதில் இருக்கும். களஞ்சியத்துப் படியின் தேதிக்கு முன்பே அவளிடம் அரைகுறை வரைவுகள் இருந்தன என்றால், அந்தப் படிக்கு மூலம் அவள்தான். அதோடு தரகருக்குக் கோப்பு அனுப்பிய செய்தியும் பணம் செலுத்திய பதிவும் சேர்ந்தால் சங்கிலி முழுமையாகிவிடும். மற்ற நிறுவனத்தில் இருக்கும் படியைத் திறந்து பார்க்க அங்குள்ள ஆசிரியரின் அனுமதி வேண்டும். தரகரின் கணக்கு என்பதால் பெரும்பாலும் பதிலே வராது. எனவே அதை நம்பிக் கதையை நகர்த்தாதீர்கள்.

தரகரிடம் போனதைச் சொல்ல அவள் வெட்கப்படுவாள். அதை மறைக்கும்வரை அவளுடைய ஒவ்வொரு பதிலும் பொய்போலவே ஒலிக்கும். கதையின் இழுவிசை இங்கேதான் இருக்கிறது. பதற்றத்தில் அவள் 'விழுக்காட்டைக் குறைத்துத் தருகிறோம்' என்னும் இரண்டாவது தரகரிடம் போவதாக எழுதுவதானால் மிகுந்த கவனம் வேண்டும். அவர்கள் எழுத்துகளுக்குப் பதில் அதே உருவமுள்ள வேற்று எழுத்துகளைச் செருகுவார்கள், வெள்ளை நிறத்தில் சொற்களை மறைப்பார்கள். மென்பொருள் இவற்றையும் தனியாக எச்சரித்துக் காட்டும். அந்தக் கோப்பை அவள் கல்லூரியில் கொடுத்துவிட்டால் அதன் பிறகு அவள் குற்றமற்றவள் அல்ல.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய படி அவளே முன்பு வேறொரு பாடத்துக்குச் சமர்ப்பித்து மதிப்பெண் வாங்கிய கட்டுரையாக இருந்தால், சொற்கள் முழுவதும் அவளுடையவையே என்றாலும் மென்பொருளின் எச்சரிக்கை தவறானது அல்ல. ஒரே உழைப்புக்கு இரண்டு முறை மதிப்பெண் கோருவதைப் பல நிறுவனங்களின் விதிகள் தடை செய்கின்றன. முன் அனுமதி பெற்று, பழைய கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். 'என் எழுத்துதானே' என்று மனமார நம்பி வந்து, இதனாலேயே தண்டனை பெறும் மாணவர்கள் உண்டு. உங்கள் கதையில் இந்த வழியைத் தொட்டால், 'தவறாகக் குறியிடப்பட்டவள்' என்ற அடித்தளமே சரிந்துவிடும். எனவே இரண்டையும் கலக்காதீர்கள்.

முடிவுக் காட்சிக்கு உதவக்கூடியது இது: குழு ஏற்றுக்கொண்டதும், ஆசிரியர் அந்த ஒரு மூலத்தை விலக்கிவிட்டு அறிக்கையை மீண்டும் கணக்கிடலாம். அப்போது 94 மறைந்து, அதன் கீழே ஒளிந்திருந்த மேற்கோள்களும் நூற்பட்டியலும் தரும் சிறிய எண் வெளிப்படும். அது சுழி ஆகாது. 6 அல்லது 7 என்று எழுதுங்கள். களஞ்சியத்துப் படியை நீக்கக் கோருவது அதை ஏற்றிய கணக்குக்குரிய நிறுவனத்தின் வேலை என்பதால், அது அங்கேயே கிடக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் இதே கட்டுரையை அவள் பின்னாளில் ஆய்வேடாக விரிக்கும்போது அந்தப் படியோடு ஒற்றுமை மறுபடியும் வரும். ஆகவே குழுவின் முடிவை எழுத்தில், தேதியும் கையெழுத்தும் இட்டு வாங்கிவிட்டுத்தான் அவள் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும்.