பேனாவை யார் கையில் கொடுத்திருக்கிறீர்கள்?

*அன்புள்ள அக்கா, பட்டர்வொர்த்தில் சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், இன்சுலின் பேனாவில் ஊசி போட்டுக்கொள்வது எப்படி என்று முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுக்கிறேன். முடிவில் 14 கேள்விகள் உள்ள கருத்துப் படிவம் ஒன்று கொடுப்போம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். வயதானவர்களுக்கு எழுதச் சிரமம் என்பதால் என் 16 வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருகிறாள். எப்போதும் சராசரி 4.6, 4.7 என்றுதான் வருகிறது. ஆனால் அடுத்த வாரமே அதே ஆட்கள் கடைக்கு வந்து அதே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். அடுத்த பேச்சைச் சரிசெய்ய நான் என்ன கேள்விகள் கேட்க வேண்டும்?*

*- மருந்தாளர், பட்டர்வொர்த்*

தம்பி, கேள்விகளை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் மகளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புங்கள்.

போகிற போக்கில் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டிய வரி அதுதான். எழுபது வயதுப் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். பேசியவரின் மகள் பக்கத்தில் வந்து, "பாட்டி, அப்பா சொன்னது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்கிறாள். நம் பாட்டிமாரில் யார் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "இல்லம்மா, உங்கப்பா வேகமாப் பேசினாரு, ஒண்ணும் புரியல" என்பார்கள்? "நல்லா இருந்துச்சும்மா, அஞ்சு போட்டுடு" என்பார்கள். அது பொய் இல்லை, பிள்ளையிடம் காட்டும் பிரியம். நீங்கள் அந்தப் பிரியத்தைக் கூட்டி வகுத்து 4.6 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

என் அம்மாவுக்கே இது நடந்திருக்கிறது. ஒரு மருத்துவப் பேச்சுக்கு அவரைக் கூட்டிப் போயிருந்தேன். முடிந்ததும் பேசியவரின் மனைவி தாளோடு வந்து நின்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். காரில் ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டது, "மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னாரா, பின்னாடியா?" அந்த ஒரு மணி நேரப் பேச்சே அதைப் பற்றித்தான். அந்தத் தாளில் அம்மாவின் பெயருக்கு எதிரே எல்லாமே ஐந்து.

உங்கள் மகள் விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கு மதிப்பெண் வாங்கித் தருவது பிள்ளையின் வேலை கிடையாது. யாராவது முணுமுணுத்திருந்தால்கூட, அதை எழுதி உங்களிடம் நீட்ட அவளுக்கு மனசு வந்திருக்குமா? எழுதாமல் விட்டதை அவள் தனக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். பெரியவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று நினைத்துத்தான் அவளை உட்கார வைத்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர்களுக்கு நீங்கள் பட்ட கடமை, அவர்கள் வீட்டில் தப்பில்லாமல் ஊசி போட்டுக்கொள்வது. குறைசொல்ல வழியில்லாத இடத்தில் அவர்களை உட்கார வைத்தால் அந்தக் கடமை எப்படி நிறைவேறும்?

சரி, எழுதத் தெரியாதவர்களை என்ன செய்வது? அவர்களுக்குப் பதில் இன்னொருவர் எழுதாமல், எழுத்தே தேவைப்படாத தாளைக் கொடுங்கள். உங்கள் வீட்டைச் சேராத ஒருவர், கோயில் இளைஞர் ஒருவர் போதும், மேடையிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் மெதுவாகச் சத்தமாகப் படிக்கட்டும். எல்லோரும் அவரவர் தாளில், அவரவர் மடியில் வைத்து, படத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடட்டும். பெயர் வேண்டாம், அடையாள அட்டை எண் வேண்டாம், தொலைபேசி எண்ணும் வேண்டாம். வாசலில் துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருக்கட்டும், அதன் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். தமிழுக்குப் பக்கத்திலேயே மலாயும் இருக்கட்டும். தமிழ் பேசினாலும் தேசியப் பள்ளியில் படித்ததால் மலாய்தான் படிக்க வருகிறவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள், அதிலும் பெற்றோரைக் கூட்டிவரும் பிள்ளைகள்.

நேரத்தையும் பாருங்கள். நாசி லெமாக் பொட்டலம் மேசைக்கு வந்த பிறகு கொடுக்கிற தாளில் வட்டம் எல்லாம் ஒரே வரிசையில்தான் விழும். முக்கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தைப் படிவத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு கேள்வி பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, திரும்பிப் போய்ச் செய்கிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. உங்கள் 14 கேள்விகளும் முதல் படியிலேயே நிற்கின்றன என்று நான் பார்க்காமலே சொல்வேன். மண்டபம் வசதியா, பேச்சாளர் தெளிவா, பயனுள்ளதா என்றுதான் இருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, "இதற்கு மோசமான பதில் வந்தால் அடுத்த மாதம் நான் எதை மாற்றுவேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாததை அடித்துவிடுங்கள். "தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததா?" மாதிரி இரண்டை ஒன்றாகக் கட்டிய கேள்வியையும் அடியுங்கள். ஒருவர் எதற்குப் பதில் சொன்னார் என்றே தெரியாது. எனக்குத் தெரிந்து உங்களுக்கு மூன்று கேள்விகள்தான் மிஞ்சும்.

முதல் கேள்வி: "இன்று வீட்டுக்குப் போனதும் உங்களால் ஊசி போட்டுக்கொள்ள முடியுமா?" இதற்கு எண் வேண்டாம், வார்த்தையிலேயே நான்கு பதில்கள் கொடுங்கள். தனியாகவே போட்டுக்கொள்வேன். படத்தைப் பார்த்துக்கொண்டே போடுவேன். யாராவது பக்கத்தில் இருந்தால் போடுவேன். இன்னும் பயமாக இருக்கிறது. எண் ஏன் வேண்டாம் என்றால், ஒருவருடைய நான்கு இன்னொருவருடைய மூன்று. 3.8 என்று வந்தால் உங்களுக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. ஆனால் பாதிப் பேர் இரண்டாவது பதிலில் வட்டம் போட்டிருந்தால், படத்தாள் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று தெரியும். மூன்றாவதில் போட்டிருந்தால், அடுத்த மாதம் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் உங்கள் பேச்சைத் திருத்தப் போகிறது. ஹார்வர்டில் புள்ளியியல் கற்பித்த ஃபிரெடரிக் மோஸ்டெல்லர், இன்றைய பாடத்தில் குழம்பிப்போன இடம் எது என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். 1989-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆனால் அதையே நம் மண்டபத்தில் அப்படியே கேட்டால் பலிக்காது. "எது புரியவில்லை?" என்பது நம் ஆட்களுக்குக் குறைசொல்வதாகவும் இருக்கும், தன் மானத்தைத் தொடுவதாகவும் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: "இன்னொரு முறை காட்டச் சொன்னால், எதைக் காட்டச் சொல்வீர்கள்?" கீழே ஆறு படங்கள் இருக்கட்டும். புது ஊசியை மாட்டுவது, இரண்டு யூனிட் வெளியே விட்டுச் சோதிப்பது, அளவைத் திருப்புவது, வயிற்றில் இடம் மாற்றுவது, அழுத்திவிட்டுப் பத்து எண்ணுவது, ஊசியைக் கழற்றிப் போடுவது. "எல்லாம் புரிந்தது" என்ற கட்டத்தை வைக்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதால் நன்றாகப் புரிந்தவரும் எதிலாவது வட்டம் போடுவார். அதனால் மொத்தம் எத்தனை பேருக்குக் குழப்பம் என்று இந்தக் கேள்வி சொல்லாது. எந்தப் படம் மற்றதைவிட உயர்ந்து நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு சின்னச் சோதனை: "பொத்தானைக் கடைசிவரை அழுத்திய பிறகு என்ன செய்ய வேண்டும்?" உடனே ஊசியை எடுக்க வேண்டும், பத்து எண்ணிய பிறகு எடுக்க வேண்டும், எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும், தெரியவில்லை. கடைசியாக உள்ள "தெரியவில்லை" மிக முக்கியம். அது இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் போட்ட வட்டமும் சரியான பதிலில் சேர்ந்துவிடும்.

இதற்கு மேல் வேண்டாம். அடியில் விருப்பப்பட்டவர் எழுத ஒரு வரி விடுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் சராசரி போடாதீர்கள். தாள்களைச் சாப்பாட்டு மேசையில் குவியல் குவியலாகப் பிரியுங்கள். முப்பது தாளில் பதினொன்று "பத்து எண்ணுவது" படத்தில் வட்டம் போட்டிருக்கிறது, மூன்றாவது கேள்வியிலும் பன்னிரண்டு பேர் "உடனே எடுக்க வேண்டும்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. நீங்கள் அந்தப் படியை எத்தனை நொடியில் சொல்லிவிட்டுப் போனீர்கள் என்று யோசியுங்கள். ஊசி உள்ளே போனதும் வேலை முடிந்ததாக நமக்கெல்லாம் ஒரு எண்ணம், பேசுகிறவரும் அந்த இடத்தில் வேகம் பிடிப்பார். உடனே எடுத்தால் மருந்து முழுதாக உள்ளே போகாமல் ஊசி முனையில் சொட்டும் என்பதைச் சொன்னீர்களா? அடுத்த மாதம் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மண்டபமே சேர்ந்து பத்துவரை சத்தமாக எண்ணட்டும். படிவத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் திரும்பக் கேட்டுவிட்டு, அதே குவியல் குறைந்ததா என்று பாருங்கள். நாலு விஷயத்தை ஒரே மாதத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. இரண்டு மூன்று தாள் ஏறி இறங்கினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வருகிற ஆட்களே மாதத்துக்கு மாதம் வேறு.

இந்தத் தாள் அன்றைக்கு மண்டபத்தில் நினைவிருந்ததைத்தான் காட்டும். வீட்டில் என்ன நடக்கிறது என்பது கிர்க்பேட்ரிக்கின் மூன்றாவது படி. அதற்கு உங்களிடம் மற்ற பேச்சாளர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, உங்கள் கடை. ஊசி வாங்க வருகிறவரிடம் மாதிரிப் பேனாவைக் கொடுத்து, "எப்படிப் போடுறீங்க, ஒரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள். எந்தப் படியில் கை நிற்கிறதோ அதை ஒரு நோட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடுகளும் படிவத்தின் குவியலும் ஒத்துப்போகாவிட்டால், கோடுகளை நம்புங்கள்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகளிடம் கேளுங்கள், "பாட்டிமார் என்ன சொன்னாங்க, நீ எதை எழுதாம விட்ட?" என்று. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள், மனைவியையும் சொல்லவிடாதீர்கள். உங்கள் முதல் நேர்மையான படிவம் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு அவளைப் பாட்டிமாருக்கு நடுவே உட்கார வைத்து, அவள் கையிலும் ஒரு மாதிரிப் பேனாவைக் கொடுங்கள்.