பேட்டரி ரூமுக்கு எவ்வளவு காற்று, சென்சாரை எதோடு இணைப்பது?

கேள்வி: சப்ஸ்டேஷன் பேட்டரி ரூமில் 2 வோல்ட் லெட் ஆசிட் செல் 110, ஒவ்வொன்றும் 300 Ah, தண்ணீர் ஊற்றும் வகை. சார்ஜர் 40 ஆம்பியர். எவ்வளவு பெரிய எக்சாஸ்ட் ஃபேன் வேண்டும்? ஹைட்ரஜன் சென்சார் எந்த அளவில் எதை நிறுத்த வேண்டும்?

சின்ன ஃபேனே போதும். ஆனால் அது காற்றை நிஜமாகவே வெளியே தள்ளுகிறதா என்று சார்ஜருக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் IEC 62485-2 தரும் கணக்கு:

```
Q = 0.05 × n × Igas × C × 0.001
  = 0.05 × 110 × 20 × 300 × 0.001
  = 33 m³/h
```

20 என்பது பூஸ்ட் சார்ஜில் ஒரு Ah-க்கு எடுத்துக்கொள்ளும் வாயு மின்னோட்டம், மில்லி ஆம்பியரில். இந்தக் காற்று ஹைட்ரஜனை 0.8 சதவீதத்தில் நிறுத்தும். தீப்பற்றும் எல்லை 4. ஆனால் இது சார்ஜர் ஒழுங்காக இருக்கும்வரைதான். ரெகுலேட்டர் பழுதாகி, ஏற்கெனவே நிறைந்த செல்களுக்குள் 40 ஆம்பியரும் போனால்? ஒரு செல்லில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 0.45 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 110 × 40 × 0.45, அதாவது மணிக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர். அதை 1 சதவீதத்துக்குள் வைக்க மணிக்கு 200 கன மீட்டர் காற்று வேண்டும். நான் இதைத்தான் எடுப்பேன். 9 அங்குல ஃபேனுக்கே இது எளிது. மோட்டார் மட்டும் ஹைட்ரஜனுக்கு ஏற்ற ஃபிளேம்ப்ரூஃப் வகையாக இருக்கட்டும். ஃபேன் கூரையை ஒட்டி, காற்று உள்ளே வரும் வழி எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி.

நான் பார்த்த ஒரு ரூமில் பேனலில் பச்சை விளக்கு எரிந்தது, ஃபேனும் சுற்றியது, ஆனால் உள்ளே போனால் ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. வெளியே போய்ப் பார்த்தால் லூவரில் குருவிக்கூடு! தகடுகள் திறக்கவே இல்லை. விளக்குக்கு சிக்னல் காண்டாக்டரிலிருந்து வந்தது. காண்டாக்டருக்குக் குருவிக்கூடு எங்கே தெரியும்? அதனால் ஏர் ஃப்ளோ ஸ்விட்ச் வையுங்கள். காற்றோட்டம் இல்லாமல் 30 வினாடி போனால் பூஸ்ட் நின்று ஃப்ளோட்டுக்குத் திரும்பட்டும்.

சென்சார் கூரையின் உச்சியில், பீம்களுக்கு நடுவே வாயு தேங்கும் குழியில் இருக்க வேண்டும். 1 சதவீதத்தில் அலாரம், ஃபேன் முழு வேகம், பூஸ்ட் கட். 2 சதவீதத்தில் சார்ஜரே ட்ரிப். பேட்டரியை மட்டும் லோடிலிருந்து கழற்றிவிடாதீர்கள். ரிலேக்களும் பிரேக்கர் ட்ரிப் காயில்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சென்சார் சிக்னல் 4 மில்லி ஆம்பியருக்குக் கீழே விழுந்தால் ஒயர் அறுந்திருக்கலாம். அதை 'வாயு இல்லை' என்று படிக்காமல் அலாரமாகவே எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மீட்டர் `%LEL` என்று காட்டினால் 25 என்பதுதான் நம்முடைய 1 சதவீதம். சார்ஜ் நின்றாலும் செல்லிலிருந்து குமிழி வந்துகொண்டிருக்கும், ஃபேன் இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும்.