பூஜ்யம் அடுக்கு ஏன் 1?

"மகள் எட்டாம் வகுப்பு. 2⁰ = 0, 2⁻³ = −8 என்று எழுதிவிட்டாள். 'ரெண்டே இல்லைன்னா பூஜ்யம்தானே அப்பா' என்கிறாள். என்ன சொல்வது?" (அல்சூர், பெங்களூரு)

சார், என் பையனும் இதே கேள்வியைக் கேட்டான். ஜெயநகர் போகிற பஸ்ஸில், கையில் இருந்த நோட்டீஸை மடித்துக் காட்டினேன்.

ஒருமுறை பாதியாக மடித்தால் ஒன்றன்மேல் ஒன்றாக 2 தாள், இன்னொருமுறை மடித்தால் 4, மூன்றாவது முறை 8. அதாவது 2³. இப்போது பிரித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அடுக்கில் 1 குறையும், எண்ணிக்கை பாதியாகும்: 8, 4, 2. கடைசி மடிப்பையும் பிரித்தால் மடிப்பு பூஜ்யம், ஆனால் தாள் மறைந்துவிடுமா? ஒன்று இருக்கிறதே! அதுதான் 2⁰ = 1.

இதையே 2-ஆல் வகுத்துக்கொண்டே போனால் ½, ¼, ⅛ வரும். ஆகவே 2⁻³ = ⅛. கழித்தல் குறி தலைகீழாக்கச் சொல்கிறதே தவிர, விடையை எதிர்மறை ஆக்குவதில்லை.

விதியாகக் கேட்டால் 5³ ÷ 5³ போடச் சொல்லுங்கள். அடுக்குகளைக் கழித்தால் 5⁰, நேராக வகுத்தால் 125 ÷ 125 = 1. அடிமானம் பூஜ்யமானால் இந்த வழி நடக்காது, 0 ÷ 0 என்று வந்து நிற்கும். அதனால்தான் 'பூஜ்யம் அல்லாத' என்ற நிபந்தனை.

அப்புறம், பரீட்சையில் பலரும் சறுக்கும் இடம்: (−5)⁰ = 1, ஆனால் −5⁰ = −1. அடைப்புக்குறி இல்லாவிட்டால் அடுக்கு 5-க்கு மட்டும்தான்.