ஆறு நிமிடமாக வெட்டினால் போதுமா?

"திருகோணமலையில் முதலாம் வருட வணிகக் கற்கை மாணவர்களுக்கு 55 நிமிட விரிவுரையைக் காணொளியாகப் பதிவுசெய்து போடுகிறேன். பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு ஆறு நிமிடமாக வெட்டிப் போட்டால் சரிவருமா?"

வெட்டுவது மட்டும் போதாது. அந்த ஆறு நிமிடக் கணக்கு 2014இல் பிலிப் குவோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடநெறிகளை ஆராய்ந்ததிலிருந்து வந்தது. ஏறத்தாழ 69 இலட்சம் பார்வை அமர்வுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் அங்கே பார்த்தவர்கள் விரும்பிய நேரத்தில் விட்டுப் போகக்கூடியவர்கள். உங்கள் மாணவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது. அத்தோடு, காணொளி எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான் அளந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தபோது மனம் எங்கே இருந்தது என்பது அந்த அளவில் தெரியாது.

மனம் அலைவதை நேரடியாகக் கேட்டறிந்த ஆய்வு 2013இல் வந்தது. ஸ்பூனர், கான், ஷாக்டர் மூவரும் 21 நிமிடப் புள்ளிவிபரவியல் விரிவுரை ஒன்றை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் அதே நான்கு துண்டுகள்தான். ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சிறு சோதனை வைத்தார்கள். இடையில் "இப்போது மனம் வேறெங்கோ போயிருந்ததா?" என்று கேட்டபோது, சோதனை இல்லாதவர்கள் சுமார் 41 வீதமான தடவைகள் ஆம் என்றார்கள், சோதனை செய்தவர்கள் 19 வீதம். வித்தியாசத்தைக் கொண்டுவந்தது துண்டுக்குப் பின்னால் வந்த கேள்வி.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து வெட்டாமல், ஒரு துண்டு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். இலாபநட்டமற்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். நிலாவெளியில் கருவாடு போடும் ஒருவருக்கு மாத நிலையான செலவு 60,000 ரூபா, ஒரு கிலோவின் விலை 1,500, அதற்கான மாறும் செலவு 1,200.

முதல் துண்டு எந்தச் செலவு கிலோவோடு கூடும் என்பதற்கு மட்டும், ஐந்து நிமிடம். கொட்டில் வாடகை, உப்பு, மீன், காவலாளியின் மாதச் சம்பளம் ஆகியவற்றை மாணவர் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் பங்களிப்பு: 1,500 இலிருந்து 1,200 போக 300. மூன்றாவது துண்டில் 60,000ஐ 300ஆல் வகுத்து 200 கிலோ. நான்காவதில், மாரி காலத்தில் மீன் விலை ஏறி மாறும் செலவு 1,300 ஆனால் என்ன நடக்கும் என்று கேட்டு, மாணவர் கணக்குப் போட்ட பிறகே 300 கிலோ என்ற விடையைக் காட்டுங்கள். இந்தத் துண்டு ஒன்பது நிமிடம் போனால் போகட்டும். ஒரு கணக்கை நடுவில் வெட்டினால், மாணவர் முதற்பாதி எண்களை மறந்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார்.

கேள்வி எப்படி அமைகிறது என்பதே இதில் மிக முக்கியம் என்பது எங்கள் கருத்து. "இலாபநட்டமற்ற புள்ளி என்றால் என்ன?" என்று கேட்டால் பார்த்தெழுதிவிடுவார்கள். மூன்றாவது துண்டின் முடிவில் 40, 50, 200 என்று மூன்று விடைகள் கொடுங்கள். 40ஐத் தெரிவுசெய்தவர் நிலையான செலவை விற்பனை விலையால் வகுத்திருக்கிறார். 50 என்றவர் மாறும் செலவால் வகுத்திருக்கிறார். பிழையான விடையே எங்கே பிசகினார் என்று சொல்லிவிடும். உங்கள் மூடில் கற்றல் தளத்தில் காணொளிக்குள் கேள்வி சேர்க்க உதவும் H5P இருந்தால் `Interactive Video` வகையில் `Multiple Choice` கேள்வியைச் சேர்த்து, `Pause video` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அது இல்லாவிட்டால் கேள்வியைத் திரையில் காட்டி, காணொளியை நிறுத்தித் தாளில் போடச் சொல்வதும் பயன்படும்.

வகுப்பில் எடுத்த பழைய பதிவை வெட்டிப் போடாதீர்கள். "கேட்குதா பிள்ளைகள்?", போன கிழமை மீட்டல், கரும்பலகை அழித்தல் எல்லாம் அதோடு வரும். எட்எக்ஸ் ஆய்விலும் வகுப்பறைப் பதிவின் துண்டுகள், இதற்கென்றே எடுத்தவற்றைவிடக் குறைவாகவே பார்க்கப்பட்டன. முதல் வரியிலேயே கேள்வியைச் சொல்லித் தொடங்குங்கள். படவில்லையில் முழு வசனங்களைப் போட்டு வாசிக்கவும் வேண்டாம். கண் முந்தி வாசித்து முடித்துவிடும், காது பிந்தும், இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். எண்ணைச் சொல்லும்போதே கையால் எழுதிக் காட்டுவது நல்லது. எழுத்து போதிய அளவு பெரிதா என்று கைத்தொலைபேசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யூடியூப்பில் போடுகிறீர்கள் என்றால், காணொளியின் எந்த இடத்தில் எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பார்வைக் கோட்டைக் கவனியுங்கள். மெதுவாகச் சரிந்துகொண்டு போவது வழமை. ஓரிடத்தில் மேடு தட்டினால், அங்கே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் விளக்கம் போதாத இடம். கோட்டையும் விடைகளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது துண்டில் மேடும் இருந்து, பலர் 40ஐயும் தெரிவுசெய்திருந்தால், அந்த ஒரு துண்டை மட்டும் திரும்பப் பதிவுசெய்தால் போதும். மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும்.