இரண்டு பேர் பெயரில் வீடு: கணவர் இறந்தால் அவர் பங்கு மனைவிக்குத் தானாக வருமா?

கேள்வி: "வணக்கம் ஐயா. பினாங்கு பாயான் லெப்பாஸில் நானும் என் கணவரும் சேர்ந்து வாங்கிய அடுக்குமாடி வீடு. இருவர் பெயரும் கிராண்டில் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் அவர் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. மூத்த மகளுக்கு 20 வயது, மகனுக்கு 14. மாமியார் உயிரோடு இருக்கிறார், 79 வயது. மாமனார் இல்லை. என் கணவர் நோயில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத கொழுந்தனார் இப்போது வந்து, 'அம்மாவுக்குப் பங்கு உண்டு' என்கிறார். ஜாயிண்ட் பெயர் என்றால் மிஞ்சியவருக்கே முழு வீடும் போகும் என்று விற்பனை முகவர் அன்றே சொன்னார். சிங்கப்பூரில் என் தோழிக்கு அப்படித்தான் நடந்தது. வீட்டின் விலை இப்போது சுமார் 450,000 வெள்ளி. வங்கிக்கு இன்னும் 90,000 பாக்கி, நான்தான் மாதாமாதம் கட்டி வருகிறேன். மாமியாருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?"

பதில்: கொடுக்கத்தான் வேண்டும், அம்மா. கொழுந்தனார் எப்படிப்பட்டவர் என்பது இந்தக் கணக்கில் வராது. மருத்துவமனைக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று நில அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

தீபகற்ப மலேசியாவில் இரண்டு பேர் சேர்ந்து நிலமோ வீடோ வைத்திருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 342ஆம் பிரிவுப்படி அவர்கள் பிரிக்கப்படாத பங்குகளின் உரிமையாளர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு. ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு அவர் விட்டுச்சென்ற சொத்தான புசாக்காவுக்குள் போகும். பக்கத்தில் இருப்பவர் கைக்குத் தானாக வராது. மிஞ்சியவருக்கே முழுதும் சேரும் கூட்டுரிமை நம்மிடம் சொந்தமாக வாங்கும் வீட்டுக்குக் கிடையாது. ஒரு சொத்தைப் பல பேர் அறங்காவலர்களாக வைத்திருக்கும்போதுதான் அது வரும். நில அலுவலகத்தில் தேடல் எடுத்துப் பாருங்கள். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் "1/2 பாகம்" என்று இருக்கும்.

தோழிக்கு நடந்தது உண்மையாகவே இருக்கலாம். சிங்கப்பூரில் அந்தக் கூட்டுரிமை உண்டு, கணவன் மனைவி பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்குச் செல்லும். பினாங்கிலும் 1966க்கு முன் ஆங்கிலேயப் பத்திர முறை இருந்தது, அப்போது இந்தக் கூட்டுரிமையும் இருந்தது. பழைய குடும்பங்களில் அந்த ஞாபகம் இன்னும் நிற்கிறது. முகவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், இல்லையென்றால் கடன் பத்திரத்தில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று வரும் வாசகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். அந்த வாசகம் கடன் பொறுப்பைப் பற்றியது. அதன்படி முழுக் கடனையும் வங்கி உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். வீட்டில் பாதி உங்களுடையது, கடனில் முழுதும் உங்கள் தலைமேல்: இன்று நீங்கள் நிற்கும் இடம் இதுதான்.

இனி அவருடைய பாதி. உயில் இல்லாததால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பாயும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குச் சேர்த்து அரை, பெற்றோருக்குக் கால். 1997இல் சட்டம் திருத்தப்படும்வரை, பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு எதுவும் கிடையாது. மூத்தவர்கள் சிலர் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். கேட்டு ஏமாறாதீர்கள். கொழுந்தனாருக்கு நேரடியாக ஒரு காசும் இல்லை. மனைவி, பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாத இடத்தில்தான் உடன்பிறந்தார் வருவார்கள்.

முழு வீட்டை எட்டுப் பங்காக எண்ணுங்கள். உங்களுடைய சொந்தப் பாதி நான்கு, கணவர் பாதியில் கால் ஒன்று, ஆக ஐந்து. மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. பணமாகப் பார்த்தால் 450,000இல் கடன் 90,000 போக மீதி 360,000. அதில் கணவர் பாதி 180,000. மாமியாரின் கால் 45,000 வெள்ளி. வீட்டுக் கடன் காப்புறுதி இருந்து அது கடனை முழுதும் அடைத்துவிட்டால் அவர் பங்கு 56,250 ஆகும். காப்புறுதி இருக்கிறதா, அது யார் உயிர் மீது எடுக்கப்பட்டது என்று வங்கியில் எழுத்தில் கேட்காமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். கணவர் இறந்த நாளிலிருந்து நீங்கள் கட்டிய தவணை ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் வைத்திருங்கள். அவர் பாதிக்கான தவணை அவர் சொத்தின் கடன். அதையும் கழித்துப் பேச உங்களுக்கு இடம் உண்டு.

இந்த மாதிரி வழக்கில் குடும்பங்கள் மூழ்குவது பங்கின் அளவால் அல்ல, தாமதத்தால். "எங்கே போய்விடும், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மாமியார் போய்விட்டால் இந்தத் தலைவலியும் போய்விடும் என்று மனத்துக்குள் நினைப்பவர்களும் உண்டு. நடப்பது நேர்மாறு. உங்கள் கணவர் இறந்த அன்றே அந்தக் காலுக்கான உரிமை மாமியாருக்குப் பிறந்துவிட்டது. அவர் இறந்தால் அது அழியாது, அவருடைய புசாக்காவுக்குள் போகும்.

மாமியாருக்கு உங்கள் கணவரையும் சேர்த்து ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவரும் உயிலில்லாமல் இறந்தால், முழு வீட்டில் எட்டில் ஒன்று ஐந்தாகப் பிரியும். கணவருடன் பிறந்த நால்வருக்கும் ஆளுக்கு நாற்பதில் ஒன்று. உங்கள் கணவரின் ஐந்தில் ஒன்று உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு வரும், ஆளுக்கு எண்பதில் ஒன்று. இன்று கைகூப்பி ஒரு மூதாட்டியிடம் கேட்டால் முடிகிற கையெழுத்து, அன்று நான்கு பேரிடம் கேட்க வேண்டிய கையெழுத்தாகிவிடும். இன்று உங்களோடு மோதும் கொழுந்தனார் அன்று தன் பெயரிலேயே உரிமையாளர். உங்கள் கணவருக்கு ஒரு விண்ணப்பம், மாமியாருக்கு இன்னொன்று என்று இரண்டு புசாக்கா வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும். அவர்களில் ஒருவரும் இறந்துவிட்டால், மூன்றாவது.

எத்தனை சிறிய பங்கானாலும், அந்தக் கையெழுத்து இல்லாமல் வீட்டை முழுதாக விற்க முடியாது. பங்குதாரர் ஒருவர் பிடிவாதமாக இருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்கீழ் இந்தப் பங்குரிமையை முடித்துவைக்கும்படி உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த வழி அவர்களுக்கும் திறந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அடுக்குமாடி வீட்டை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஆகவே அங்கே போனால் முடிவு பெரும்பாலும் விற்பனைதான், நீங்கள் பிள்ளைகளோடு குடியிருக்கும் வீட்டின் விற்பனை.

இறப்பைவிட முன்னால் வரக்கூடியது ஒன்று உண்டு, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. 79 வயதில் ஞாபகம் தடுமாறத் தொடங்கினால், மாமியார் போடும் ஒப்புதல் கையெழுத்து செல்லாது. பிறகு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் அவர் சொத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்கச் செய்ய வேண்டும். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பங்கீட்டு விசாரணையில் ஒப்புதல் எடுத்தால், பின்னால் யாரும் கேள்வி கேட்காதபடி, அதே வாரத்தில் அவருடைய மருத்துவரிடம் தெளிவான சிந்தனையோடு இருக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கிவையுங்கள்.

ஆகவே சண்டையை விடுங்கள், சமரசம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கணவரின் சொத்து எல்லாம் சேர்த்து 5 மில்லியன் வெள்ளிக்கு மேல் போகாது என்பதால், பினாங்கில் உள்ள சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் படிவம் ஏ கொடுத்தால் போதும்; உயர்நீதிமன்றம் வேண்டாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 2 மில்லியன். விசாரணை நாளில் மாமியார் நேரில் வந்து தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னால் அது பங்கீட்டு ஆணையிலேயே பதிவாகும். 2024 ஜனவரி முதல், வாரிசு ஒருவர் தம் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுக்கும் மாற்றத்துக்கு முத்திரை வரி 10 வெள்ளிதான். ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் அது விட்டுக்கொடுத்தல் ஆகாது, வரியும் வேறு மாதிரி வரும். எனவே தொகையை வீட்டில் பேசி முடித்தபின், படிவத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே விசாரணைக்குப் போங்கள். வங்கியில் நேரடியாக மாமியார் கணக்குக்கே பணத்தைப் போடுங்கள். கொழுந்தனார் கையில் ரொக்கம் கொடுத்து ரசீது இல்லாமல் நிற்கும் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

45,000இல் தொடங்கி, கணவர் பாதிக்கு நீங்கள் கட்டிய தவணையில் காலைக் கழித்து, பேசி 40,000க்குப் பக்கத்தில் முடிந்தாலும் மகிழ்ச்சியோடு முடித்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல விலை உங்களுக்குப் பிறகு கிடைக்காது. கையில் பணம் இல்லையென்றால், தவணையாகக் கொடுப்பதை எழுதி ஒப்பந்தமாக்கலாம். அல்லது மாமியார் தம் பங்கைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது வழியில் அவர் உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதையும் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

மகளுக்கு வயது வந்துவிட்டது. விரும்பினால் தன் பங்கை உங்களுக்கு விடலாம், வற்புறுத்தாதீர்கள். மகனின் பங்கை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, நீங்கள்கூட. பதினெட்டு வயதாகும்வரை அது அறங்காவலர் பெயரில் பதிவாகும், இடையில் வீட்டை விற்க நினைத்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அதனால் வீடு முழுதும் உங்கள் ஒருவர் பெயருக்கு வருவது இன்னும் நான்கு வருடத்துக்கு நடக்காது. ஆனால் மாமியாரின் பங்கும் மகளின் பங்கும் உங்களுக்கு வந்தால் எட்டில் ஏழு உங்கள் பெயரில் நிற்கும்.

உங்கள் பங்குக்கும் இன்றே ஓர் உயில் எழுதிவையுங்கள். இல்லையென்றால், உங்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டும் போகும். மகன் மைனராக இருக்கும்போது அவன் பங்கை யார் கவனிப்பது என்பதும் உங்கள் சொல் கேட்காமலேயே முடிவாகும்.