"பிளான்ட் ஆபரேட்டர், 3 வருடம்": இந்த ஒரு வரி ஏன் போதாது?

வணக்கம் ஐயா,

நீங்கள் அனுப்பிய மகனின் ரெஸ்யூமைப் பார்த்தேன். திருவாரூர் பிரவுசிங் சென்டரில் ஏற்கெனவே வைத்திருந்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்தில் பாதி இடத்தை அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, "கடின உழைப்பாளி" என்பதெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நான்கு வருட உழைப்புக்கு மிஞ்சியது ஒரே வரி: "காரைக்கால் அருகே காஸ்டிக் சோடா ஆலையில் பிளான்ட் ஆபரேட்டர், 3 வருடம்." ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி அதிலும் விடுபட்டுப் போயிருக்கிறது.

பையனிடம் குறை இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி நினைக்க ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட் படித்தவர், குளோரின் ஓடும் ஆலையில் ஷிஃப்ட் பார்த்தவர். ரெஸ்யூமைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் புரொடக்‌ஷன் பக்கத்து ஆள். எந்த யூனிட்டை ஓட்டினார், இயந்திரங்களுக்கு நடுவே ஃபீல்டில் நின்றாரா கன்ட்ரோல் ரூமில் பேனலில் உட்கார்ந்தாரா, இரவு ஷிஃப்டில் தனியாக விட்டால் சமாளிப்பாரா என்று மூன்று கேள்விகளோடுதான் அவர் படிப்பார். இந்த ஒரு வரியில் மூன்றுக்குமே விடை இல்லை.

முதலில் யூனிட். காஸ்டிக் சோடா ஆலை என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே உப்பைக் கரைத்துச் சுத்தம் செய்யும் பிரைன் பகுதி, மின்சாரம் பாயும் செல் ஹவுஸ், குளோரினை உலர்த்தித் திரவமாக்கும் பகுதி, ஹைட்ரஜன் பகுதி, காஸ்டிக்கைக் காய்ச்சும் எவாப்பரேட்டர், மிச்சக் குளோரினைக் காஸ்டிக்கில் பிடிக்கும் ஹைப்போ பகுதி என்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. ஒன்றில் பழகியவரை மறுநாளே இன்னொன்றில் நிறுத்த முடியாது. நீங்கள் போனில் சொன்னதை வைத்துப் பார்த்தால் தம்பி இருந்தது பிரைன் பகுதி. அதைத் தலைப்பாகவே போட வேண்டும்.

பிரைன் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்று அவரே கூச்சப்படுகிறார் போலிருக்கிறது. செல் உயிரோடு இருப்பதே அந்தத் தண்ணீரால்தான். வேதாரண்யம் உப்பானாலும் தூத்துக்குடி உப்பானாலும் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் வராது. சோடா ஆஷும் காஸ்டிக்கும் சேர்த்து, கிளாரிஃபையரில் படியவைத்து, ஃபில்டரில் வடித்த பிறகும் மிச்சம் இருக்கும். அதை அயான் எக்ஸ்சேஞ்ச் கலனுக்குள் இருக்கும் ரெசின் மணிகள் பிடித்துவைக்கின்றன. நடுவே மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு உள்ள செல்லுக்குப் போகும் பிரைனில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து பொதுவாக 20 பி.பி.பி.க்குள், அதாவது நூறு கோடிப் பங்கில் 20 பங்குக்குள் இருக்க வேண்டும். மக்னீசியம் தப்பினால் செல் வோல்டேஜ் ஏறும். கால்சியம் தப்பினால் கரன்ட் எஃபிஷியன்சி இறங்கும். கெட்டுப்போன மெம்பிரேன் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். அந்த எல்லையைக் காத்த ஆள் என்று ரெஸ்யூமில் தெரிந்தால்தான் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த ஒரு வரியை இப்படிப் பிரித்து எழுதலாம். ரெஸ்யூம் ஆங்கிலத்தில் போகும் என்றாலும் பொருள் இதுதான்.

"மெம்பிரேன் செல் காஸ்டிக் சோடா ஆலை, பிரைன் பகுதி. முதல் 28 மாதம் ஃபீல்டு ஆபரேட்டர்: கிளாரிஃபையர், பிரைன் ஃபில்டர், 3 அயான் எக்ஸ்சேஞ்ச் கலன், டீகுளோரினேஷன் டவர், அவற்றின் பம்புகள். கடைசி 8 மாதம், பேனல் ஆபரேட்டர் விடுப்பில் இருக்கும் நாட்களில் அதே பகுதியின் பேனல். ஃபீடு பிரைன் லிட்டருக்கு சுமார் 300 கிராம் உப்பு, கால்சியம் மக்னீசியம் 20 பி.பி.பி.க்குள்."

மாதக் கணக்கும் கலன்களின் எண்ணிக்கையும் நான் உத்தேசமாகப் போட்டவை. தம்பி உண்மைக் கணக்கை எழுதட்டும். ஆலையின் தினசரி உற்பத்தி, பைப்பிங் படம், கன்ட்ரோல் ரூம் திரையின் போட்டோ இவை எதுவும் ரெஸ்யூமில் வரக் கூடாது. பழைய கம்பெனியின் ரகசியத்தைக் கொண்டுவருபவர் நாளை நம் ரகசியத்தையும் கொண்டுபோவார் என்றுதான் புதிய கம்பெனி நினைக்கும்.

அடுத்து ஷிஃப்ட் வேலை. "மூன்று ஷிஃப்டிலும் பணிபுரிந்தேன்" என்பது வருகைப் பதிவு மாதிரி இருக்கிறது. என்ன செய்தார் என்பது வேண்டும். மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தது, சாம்பிள் பிடித்து லேபுக்குக் கொடுத்தது, ஓடும் பம்பை நிறுத்தி ஸ்டாண்ட்பை பம்புக்கு மாற்றியது, லாக் புக் எழுதி அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைத்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். இவை எல்லா ஆபரேட்டரும் செய்பவை.

இடம் ஒதுக்க வேண்டியது ரெசின் ரீஜெனரேஷனுக்கு, அதாவது கால்சியம் மக்னீசியம் பிடித்து நிறைந்துபோன ரெசினைப் புதுப்பிக்கும் வேலைக்கு. கலனை ஓட்டத்திலிருந்து பிரித்து, உள்ளே இருக்கும் பிரைனைத் தண்ணீரால் வெளியேற்றி, பேக்வாஷ் செய்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு, கழுவி, காஸ்டிக் விட்டு ரெசினை மறுபடி சோடியம் நிலைக்குக் கொண்டுவந்து, திரும்பக் கழுவி, பிரைன் நிரப்பி வரிசையில் சேர்ப்பது. பல ஆலைகளில் இதை பி.எல்.சி. என்ற கன்ட்ரோல் கருவி தானாகவே ஓட்டும். ஆனால் ஒரு வால்வு பாதியில் நின்றுவிட்டால் எந்தப் படியில் நிற்கிறது, எதிலிருந்து தொடர வேண்டும் என்று ஃபீல்டில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி அப்படி எத்தனை ரீஜெனரேஷனை உடன் நின்று முடித்திருக்கிறார்? தோராயமாக எண்ணி எழுதச் சொல்லுங்கள். "ஆட்டோ சீக்வென்ஸ் தடைபட்டபோது மேனுவலாக முடித்தது உண்டு" என்பது உண்மையாக இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும். டீகுளோரினேஷன் என்று எழுதினால், "செல்லிலிருந்து திரும்பும் பிரைனில் குளோரின் மிச்சம் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். ரெசின் கெட்டுப்போகும். அதனால்தான் ஆசிட் விட்டு வாக்குவம் டவரில் குளோரினை இழுத்தபின், காஸ்டிக்கும் சோடியம் சல்ஃபைட்டும் சேர்த்து, குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டரைப் பார்க்கிறோம். "கரன்ட் போய், செல்லுக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் ட்ரிப் ஆனால் உங்கள் பகுதியில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்பதும் வழக்கமான கேள்வி. செல்லுக்குப் போகும் பிரைனில் ஆசிட் சேர்க்கும் ஆலையாக இருந்தால், அந்த ஆசிட் நின்றுவிட்டதா என்று உடனே உறுதிசெய்ய வேண்டும். மின்சாரம் பாயாத செல்லில் ஆசிட் சேர்ந்துகொண்டே போனால் மெம்பிரேனுக்கு ஆபத்து. பிரைன் சுழற்சி நிற்காமல் எமர்ஜென்சி பவரில் ஓடுகிறதா என்பதும், குளோரின் ஹெடர் குழாய் ஹைப்போ ஸ்க்ரப்பருக்குத் திரும்பியதா என்று பேனலில் கேட்டு உறுதிசெய்வதும் அதோடு சேர்ந்தவை. இதைத் தடுமாறாமல் சொல்பவருக்கு ரெஸ்யூம் ஒரு பக்கமே போதும்.

ஆலையைத் திரையில் பார்த்து ஓட்டும் கன்ட்ரோல் சிஸ்டம் பற்றி "டி.சி.எஸ். தெரியும்" என்று எழுதியிருக்கிறார். எந்த டி.சி.எஸ்.? யோகோகாவா சென்டமா, ஹனிவெல் எக்ஸ்பீரியனா, ஏ.பி.பி.யா? திரையில் பெயர் எப்படி வருகிறதோ அப்படியே எழுத வேண்டும். அதைவிட முக்கியம், அதில் அவர் கை எதுவரை போனது என்பது. அலாரம் அக்னாலெட்ஜ் செய்வது ஒன்று. ட்ரெண்டைப் பார்த்து செட்பாயின்ட் மாற்றுவது, லூப்பை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குக் கொண்டுவந்து கையால் பிடிப்பது வேறு. லாஜிக் எழுதுவது இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் வேலை. அதை ஆபரேட்டர் தன் கணக்கில் எழுதினால் முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். "பிரைன் ஃப்ளோ, டேங்க் லெவல், பி.எச். லூப்புகள், செட்பாயின்ட் மாற்றம், மேனுவல் இயக்கம், அலாரம் நடவடிக்கை" என்பது போதும். ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கை பைபாஸ் செய்தது பற்றி எழுதுவதானால், எழுத்துமூல அனுமதியோடு மட்டுமே செய்தது என்பதும் அதே வரியில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அந்த வரியே அவருக்கு எதிராகப் பேசும்.

பாதுகாப்புப் பகுதியில் "ஜீரோ ஆக்சிடென்ட்" என்று இருக்கிறது. அது ஆலை முழுவதற்குமான கணக்கு. இவர் ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது, புதிய கம்பெனியால் சரிபார்க்கவும் முடியாது. அவர் பெயரில் காகிதம் உள்ளவற்றை எழுதலாம்: விபத்தாகாமல் தப்பிய சம்பவங்களைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த நியர் மிஸ் ரிப்போர்ட் எத்தனை, அதில் ஒன்றாவது மாற்றத்தில் முடிந்ததா, விபத்து ஒத்திகையான மாக் டிரில்லில் அவருக்கு என்ன பொறுப்பு, முதுகில் காற்று சிலிண்டரோடு போடும் எஸ்.சி.பி.ஏ. முகமூடி மாட்டிப் பயிற்சி எடுத்தாரா; முதலுதவிச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும். குளோரின் கசிவை அமோனியா நனைத்த துணியால் வெண்புகை பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியும் என்றால் அதையும் போடலாம், நேரில் செய்திருந்தால் மட்டும்.

பராமரிப்பு வேலைக்கு அனுமதி தரும் ஒர்க் பெர்மிட் விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். "ஒர்க் பெர்மிட் வழங்கினேன்" என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலான ஆலைகளில் கையெழுத்துப் போட்டு வழங்குபவர் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஆபரேட்டர் செய்வது, வால்வை மூடி, லைனை வடித்து, கழுவி, பூட்டும் டேகும் போட்டு வேலைக்குத் தயார் செய்து கொடுப்பது. "பம்பு, ஃபில்டர் பராமரிப்புக்கு ஐசொலேஷன், லாக்அவுட் செய்து கொடுத்தேன்" என்பதே உண்மை, அதற்கே மதிப்பும் உண்டு.

கடைசியாகத் தேதிகள். ஒரு வருட அப்ரண்டிஸ் காலத்தையும் 3 வருட வேலையையும் ஒன்றாகச் சேர்க்காமல் தனித்தனியாகப் போடுங்கள். தம்பி கான்ட்ராக்டர் மூலம் போனவர் என்றீர்கள். அப்படியானால் பி.எஃப். கணக்கில் கான்ட்ராக்டர் பெயர்தான் வரும். ரெஸ்யூமில் ஆலையின் பெயர் மட்டும் இருந்தால், சரிபார்க்கும்போது இரண்டும் பொருந்தாமல் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். "இன்ன ஆலையில், இன்ன ஒப்பந்ததாரர் வழியாக" என்று இரண்டையும் எழுதி, தேதியை பி.எஃப். பாஸ்புக்கோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பனங்குடி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைக் கேட்டீர்கள். பொதுத்துறையில் விளம்பரம் கேட்கும் படிப்பும் அனுபவச் சான்றும் எழுத்துத் தேர்வும்தான் வழி. அங்கே ரெஸ்யூமின் அழகுக்கு வேலை இல்லை. அதனால் கான்ட்ராக்டரிடமிருந்து, பதவிப் பெயரும், வேலையில் சேர்ந்த, விலகிய தேதிகளும் உள்ள சான்றை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

தம்பிக்கு வரும் வார ஓய்வு நாளில், கம்ப்யூட்டர் பக்கம் போகாமல், ஒரு வெள்ளைத் தாளில் தன் பகுதியின் உபகரணங்களைத் தண்ணீர் ஓடும் வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் கையால் செய்தது எது, பார்த்தது மட்டும் எது என்று குறிக்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், மற்றதை அதிலிருந்து எழுதிக்கொள்ளலாம்.